பட்ஜெட்டோடு போகும் ஒரு பக்கக் கடிதம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தொண்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் ஏப்ரல் 1-க்கு முன்னால் வாரியத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். திட்ட இயக்குநரும் கணக்காளரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலைப்பையும் கூட்டிக் கழித்து, நன்கொடையாளர்களோடு பேசி ஒரு வழியாக முடிக்கிறார்கள். அதன்பிறகு அதை வாரியத் தலைவருக்கு அனுப்பும் மெயில் இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது: “2026-27ஆம் நிதியாண்டுக்கான பட்ஜெட் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மேலான ஒப்புதலை வழங்கிடப் பணிவுடன் வேண்டுகிறேன்.”

இதில் இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் எவ்வளவு பணம், போன ஆண்டைவிடக் கூடுதலா, பணம் எங்கிருந்து வரும், வராவிட்டால் என்ன செய்வது, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்ற எதற்கும் இதில் விடை கிடையாது. எல்லாம் இணைப்பில் இருக்கிறது என்பார்கள். அந்த இணைப்போ பத்துப் பன்னிரண்டு தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு.

அதைத் திறக்கப்போகிறவர் யார் என்று யோசிக்க வேண்டும். நம் ஊர் அறக்கட்டளைகளில் தலைவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வராகவோ, வங்கி அதிகாரியாகவோ, சொந்தமாக மருத்துவமனை நடத்தும் டாக்டராகவோ இருப்பார். மெயிலை முதலில் கைபேசியில்தான் பார்ப்பார். கைபேசித் திரையில் எக்செல் தாளை இடமும் வலமும் நகர்த்திப் பட்ஜெட் படிப்பது யாராலும் முடிகிற காரியமில்லை. இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள்மேல் உள்ள நம்பிக்கையில் படிக்காமலே சரி என்று பதில் போடுவார். அல்லது சாவகாசமாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார், ஏப்ரல் வந்துவிடும். இரண்டில் முதலாவதுதான் ஆபத்து. பின்னாளில் பணம் போதாமல் போனாலோ, சட்ட வரம்பு மீறப்பட்டாலோ பதில் சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியாமல் அவர் சம்மதித்திருப்பார்.

இணைப்பைத் திறக்காமலே தலைவர் தான் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். திறந்து பார்த்தால் மெயில் சொன்னதே அங்கும் இருக்க வேண்டும். பட்ஜெட்டோடு போகும் மெயிலுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத் தலைநகரில் காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மையம் ஒன்றை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. பக்கத்து ஊர்களிலிருந்து குழந்தைகளையும் தாய்மார்களையும் அழைத்துவர வாடகைக்கு இரண்டு வேன்கள் ஓடுகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒன்று, ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். நிதி, ஊர்க்காரர்கள் தரும் நன்கொடை என்று மூன்று வழிகளில் பணம் வருகிறது. சேமிப்பு நிதியாக 21 லட்சம் ரூபாய் வைப்பில் இருக்கிறது. அத்தனையும் உள்நாட்டுப் பணம். இந்த மையத்தின் திட்ட இயக்குநர் மார்ச் 9ஆம் தேதி தலைவருக்கு எழுதும் மெயில் இப்படி இருக்கலாம்:

பொருள்: 2026-27 பட்ஜெட், ரூ.108 லட்சம்: மார்ச் 21 வாரியக் கூட்டத்தில் ஒப்புதலுக்காக

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

2026-27 நிதியாண்டுக்கான பட்ஜெட்டை முடித்து அனுப்பியிருக்கிறேன். மொத்தச் செலவு 108 லட்சம் ரூபாய். எதிர்பார்க்கும் வரவு 102 லட்சம். மார்ச் 21 கூட்டத்தில் வாரியத்தின் இரண்டு ஒப்புதல்கள் தேவை. ஒன்று, இந்தப் பட்ஜெட்டுக்கு. இன்னொன்று, பற்றாக்குறையான 6 லட்சம் வரை சேமிப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள. இவற்றை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க மார்ச் 12, வியாழக்கிழமைக்குள் நீங்கள் சம்மதம் தெரிவித்தால் அன்றே மற்ற அறங்காவலர்களுக்கும் அனுப்பிவிடுவேன்.

நடப்பாண்டுச் செலவு 97 லட்சத்தில் முடியும் (பிப்ரவரி வரை உண்மைக் கணக்கு, மார்ச் மட்டும் மதிப்பீடு). அடுத்த ஆண்டு 11 லட்சம் கூடுகிறது. அதில் 10 லட்சத்துக்குக் காரணம் மூன்று: ஊழியர் சம்பளத்தில் 5 சதவீத உயர்வு 3 லட்சம், புதிதாக ஒரு பேச்சுப் பயிற்சியாளர் 4 லட்சம், ஆகஸ்ட் முதல் மூன்றாவது வேன் 3 லட்சம். மீதி 1 லட்சம் வாடகையிலும் அலுவலகச் செலவிலும் கூடுவது. வேன் 8 மாதத்துக்குத்தான் 3 லட்சம். அதற்கடுத்த ஆண்டு முழுதாக 4.5 லட்சம் ஆகும்.

வரவில் கையெழுத்தாகி உறுதியானது வெளிநாட்டு நன்கொடை 58 லட்சம். சி.எஸ்.ஆர். நிதி 30 லட்சம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. உள்ளூர் நன்கொடை 14 லட்சம் என்று வைத்திருக்கிறேன்; இந்த ஆண்டு பிப்ரவரி வரை 12.6 லட்சம் வந்திருக்கிறது. சி.எஸ்.ஆர். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை புதிய பயிற்சியாளர், மூன்றாவது வேன் இரண்டுக்குமான 7 லட்சத்தில் கை வைக்க மாட்டேன். ஜூன் 30-க்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் திருத்திய பட்ஜெட்டை ஜூலைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவேன்.

வெளிநாட்டு நன்கொடையிலிருந்து நிர்வாகச் செலவுக்கு 10.4 லட்சம் போகிறது. சட்டப்படி வரம்பு 11.6 லட்சம். கடைசித் தவணை 10 லட்சம் 2027 மார்ச் 31-க்குள் வந்து சேராவிட்டால் வரம்பு 9.6 லட்சமாகக் குறைந்துவிடும். இதை ஜனவரியில் பார்த்து, தேவைப்பட்டால் அலுவலக வாடகையின் ஒரு பகுதியை உள்நாட்டுக் கணக்குக்கு மாற்ற உத்தேசம்.

5 சதவீத உயர்வு என் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியை நான் கூட்டத்தில் இல்லாதபோது வாரியம் தனியாக முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பொருளாளர் மார்ச் 6 அன்று முழுவதும் பார்த்து, அவர் சொன்ன திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டு நிதிப் பகுதியை ஆடிட்டர் பார்த்துவிட்டார். படிப்பதற்கு 4 பக்க பி.டி.எஃப்., விவரத்துக்கு எக்செல், தீர்மானத்தின் வரைவு ஆகிய மூன்றும் இணைப்பில் உள்ளன. பேச வேண்டுமானால் நாளை காலை நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
திட்ட இயக்குநர்

மெயில் இவ்வளவுதான். நிதானமாகப் படித்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் சில இடங்கள் சாதாரணமாகத் தெரிந்தாலும் உள்ளே நிறைய இருக்கிறது.

முதலில் அந்த 97 லட்சம். மார்ச் முதல் வாரத்தில் நடப்பாண்டுக் கணக்கு முடிந்திருக்காது. அதனால் பலர் போன ஆண்டுப் பட்ஜெட்டோடு இந்த ஆண்டுப் பட்ஜெட்டை ஒப்பிட்டுவிடுகிறார்கள். போட்ட பட்ஜெட் ஒன்று, ஆன செலவு வேறொன்றாக இருந்தால் உயர்வு எவ்வளவு என்பதே மாறிப்போகும். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் சொல்லிவிட்டால் கூட்டத்தில் அரை மணி நேர விவாதம் மிச்சம். அதேபோல் புதிய பயிற்சியாளருக்கு 4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். மாதச் சம்பளம் 28,000; ஆண்டுக்கு 3,36,000. நிறுவனத்தின் பங்காக பி.எஃப். சுமார் 13 சதவீதம். பணிக்கொடைக்கு ஒதுக்கிவைப்பது சுமார் 4.8 சதவீதம். கூட்டினால் 4 லட்சத்தை ஒட்டி வரும். மாதம் 28,000 என்பதால் 3.36 லட்சம் மட்டும் எழுதிவிட்டு, ஆண்டு முடிவில் பி.எஃப். தொகைக்குத் தடுமாறும் நிறுவனங்கள் உண்டு. இந்தக் கணக்கு மெயிலில் வேண்டாம், எக்செல்லில் இருந்தால் போதும்.

மெயிலில் கட்டாயம் இருக்க வேண்டியது வரவைப் பற்றிய பத்தி. பட்ஜெட் ஒப்புதல்களில் பெரிய ஏமாற்றம் நடப்பது இங்கேதான். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதுமில்லை. எக்செல் தாளில் வரவு என்ற தலைப்பின் கீழ் 58, 30, 14 என்று மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது மூன்றுக்கும் ஒரே மதிப்பு இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் முதலாவது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். இரண்டாவது ஒரு தொலைபேசிப் பேச்சு. மூன்றாவது, ஊர் மக்களின் மனசும் அந்த ஆண்டு மழையும் வியாபாரமும் தீர்மானிக்கிற தொகை. இந்த வித்தியாசம் இயக்குநருக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் 102 லட்சம் வரவு என்று எழுதுவது பொய்யாகாது. ஆனால் ஒப்புதல் தருகிறவர் வேறொரு பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தந்தவராகிவிடுவார்.

சி.எஸ்.ஆர். பணம் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பயிற்சியாளரையும் வேனையும் விட்டுவிட்டால்கூடச் செலவு 101 லட்சம். கையில் இருப்பது 58-ம் 14-ம் சேர்ந்து 72. பள்ளம் 29 லட்சம். மொத்தச் சேமிப்பையும் துடைத்துப் போட்டாலும் 21 லட்சம்தான். அதாவது, 7 லட்சத்தை நிறுத்திவைப்பேன் என்ற உறுதிமொழி மட்டும் போதாது. அதனால்தான் ஜூன் 30 என்ற தேதி மெயிலில் வருகிறது. முதல் மூன்று மாதத்தில் சுமார் 25 லட்சம் செலவாகியிருக்கும். உறுதியான பணத்துக்குள்ளேயே அது அடங்கும். அந்தக் கட்டத்தில் நின்று, மீதி 9 மாதத்தைத் திருத்திப் போட முடியும். டிசம்பரில் விழித்துக்கொண்டால் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது தவிர வேறு வழி இருக்காது. தேதி போடாமல் ‘நிதி நிலவரத்தைக் கவனித்து நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை.

சேமிப்பு நிதி விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். 6 லட்சம் எடுத்தால் 15 லட்சம் மிஞ்சும். மாதச் செலவு 9 லட்சம் ஆகும் ஒரு நிறுவனத்துக்கு அது இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. தலைவர் இதைக் கூட்டத்தில் கட்டாயம் கேட்பார். கேட்கும் முன்பே பி.டி.எஃப்.பின் முதல் பக்கத்தில் இருப்பது நல்லது. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுத்தாலே சேமிப்பை எடுக்கவும் ஒப்புதல் கொடுத்ததாகிவிடும் என்று இயக்குநர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு ஒப்புதல்கள் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருக்கின்றன. வாரியம் முதலாவதைக் கொடுத்து, இரண்டாவதற்கு ‘3 லட்சத்துக்கு மேல் வேண்டாம்’ என்று சொல்ல உரிமை உள்ளது.

வெளிநாட்டு நிதி பற்றிய பத்தியைப் பொதுவாசகர்கள் தாண்டிப்போக நினைக்கலாம். ஆனால் அறங்காவலர்களுக்கு அதிகச் சிக்கல் தருவது அதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையை ஒழுங்குபடுத்துவது 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம். முன்பு அந்தப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவு செய்யலாம் என்றிருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு மேல் போவதானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். எல்லாச் சம்பளமும் நிர்வாகச் செலவாகிவிடாது. குழந்தைக்கு நேரடியாகப் பயிற்சி தருகிறவரின் சம்பளம் அதில் சேராது. இயக்குநர், கணக்காளர் சம்பளமும் அலுவலக வாடகையும் ஆடிட் செலவும் சேரும்.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. 20 சதவீதம் என்பது ஒப்பந்தத் தொகையில் அல்ல, அந்த நிதியாண்டில் வந்து சேர்ந்த தொகையில். 58 லட்சமும் வந்தால் வரம்பு 11.6 லட்சம், 10.4 லட்சம் செலவு அதற்குள் அடங்கும். ஆனால் நன்கொடையாளர் கடைசித் தவணையான 10 லட்சத்தை மார்ச் இறுதியில் அனுப்புவதற்குப் பதில் ஏப்ரல் முதல் வாரம் அனுப்பினார் என்றால், வந்து சேர்ந்தது 48 லட்சம்தான். வரம்பு 9.6 லட்சமாகிவிடும். ஒரு ரூபாய்கூட அதிகமாகச் செலவு செய்யாமலே 80,000 ரூபாய்க்குச் சட்ட வரம்பை மீறியவர்களாகி நிற்போம். ஏப்ரலில் கண்டுபிடித்துப் பலனில்லை. மீதிப் பணம் வரத் தாமதமாகும் என்று ஜனவரியிலேயே தெரிந்தால் பிப்ரவரி, மார்ச் வாடகையை உள்நாட்டுக் கணக்கிலிருந்து கொடுத்துவிடலாம். அதற்கு உள்நாட்டுக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தையும் உள்நாட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கச் சட்டம் இடம் தராது. இவ்வளவு விளக்கத்தையும் தலைவருக்கு எழுத வேண்டியதில்லை. 10.4, 11.6, 9.6 என்ற மூன்று எண்களும், எப்போது என்ன செய்யப்போகிறோம் என்ற ஒரு வாக்கியமும் போதும்.

இயக்குநரின் சொந்தச் சம்பளம் பற்றிய இரண்டு வரிகள் எழுதக் கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் 5 சதவீதம் என்ற பொது வரிக்குள் தன்னுடையதும் அடங்கிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லைதான். ஆனால் தன் சம்பளத்தைத் தானே முன்மொழிந்து, தானே விளக்கி, தானே ஒப்புதல் வாங்கியதாக அது ஆகிவிடும். தனியாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் கூட்ட அறையை விட்டு எழுந்து வெளியே போவதுதான் சரியான வழக்கம். வாரியம் கொடுக்க மறுப்பது அபூர்வம். மறைத்ததாகப் பின்னால் பேச்சு வந்தால் அதுவரை சம்பாதித்த பெயர் போய்விடும்.

இனி, அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை. பட்ஜெட் கடைசி நாட்களில்தான் அதிகம் மாறும். புதிய பயிற்சியாளருக்கான வரி கடைசியில் சேர்க்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 18ஆம் வரியோடு முடிந்திருந்த பட்டியலின் கீழே 19ஆவதாக அது சேர்ந்திருக்கும். மொத்தம் காட்டும் கட்டத்திலோ இன்னும் பழைய சூத்திரமே இருக்கும்:

```
=SUM(C5:C18)
```

எக்செல் சில சமயம் தானாகவே திருத்திக்கொள்ளும், சில சமயம் செய்யாது. செய்யாவிட்டால் 4 லட்சம் கூட்டலில் சேராது. மொத்தம் 108-க்குப் பதில் 104 என்று காட்டும். பற்றாக்குறை 6 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம் ஆகிவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு பக்கமிருந்தும் கூட்டிப் பார்ப்பது. செலவுத் தலைப்புகளின்படி சம்பளம் 67, வேன் 12, வாடகை 9, பயிற்சிப் பொருட்கள் 8, நிர்வாகம் 12: மொத்தம் 108. பணம் வரும் வழிப்படி 58, 30, 14, சேமிப்பிலிருந்து 6: மொத்தம் 108. இரண்டும் ஒத்துவராவிட்டால் மெயில் போகக் கூடாது. ஒத்துவந்தபின் மெயிலிலும் பி.டி.எஃப்.பிலும் தீர்மான வரைவிலும் அதே எண் இருக்கிறதா என்று இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்கு எழுதியவருடைய பிழை தெரியாது.

எக்செல்லை மட்டும் அனுப்பாமல் பி.டி.எஃப். சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. இப்போது பலரும் கோப்பைக் கூகுள் டிரைவில் போட்டு அதன் இணைப்பை அனுப்புகிறார்கள். தலைவர் திங்கட்கிழமை பார்த்துச் சம்மதித்த தாளில் புதன்கிழமை கணக்காளர் ஒரு எண்ணை மாற்றினால், சம்மதித்தது எந்தப் பட்ஜெட் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பி.டி.எஃப். அப்படி நழுவாது. கோப்பின் பெயரிலும் தேதியும் எண்ணும் இருக்கட்டும்: `Budget_2026-27_v4_09Mar2026.pdf`. அனுப்பிய பிறகு ஏதாவது மாறினால் பழையதைச் சத்தமில்லாமல் மாற்றிவைக்காமல், எது எவ்வளவு மாறியது என்று முதல் வரியிலேயே சொல்லிப் புதிய மெயில் போட வேண்டும்.

தலைவருக்கு முன்பே பொருளாளர் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பொருளாளரைத் தாண்டி நேராகத் தலைவரிடம் போகும் பட்ஜெட், உள்ளே எவ்வளவு சரியாக இருந்தாலும் கூட்டத்தில் மனக்கசப்போடுதான் தொடங்கும்.

கடைசியாக ஒரு முக்கியமான சட்டக் கேள்வி: தலைவர் ஒருவரே பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தர முடியுமா? பெரும்பாலும் முடியாது. அது வாரியத்தின் அதிகாரம். அறக்கட்டளையானால் அதன் பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமானால் அதன் துணைவிதிகளைப் பார்க்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8ஆம் பிரிவில் பதிவான நிறுவனமானால், கூட்டம் கூட்டாமலே சுற்றுக்கு விட்டுத் தீர்மானம் நிறைவேற்றும் வழியை அதே சட்டத்தின் 175ஆம் பிரிவு தருகிறது. வரைவும் தேவையான ஆவணங்களும் எல்லா இயக்குநர்களுக்கும் போயிருக்க வேண்டும். பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கினர் கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டால் கூட்டம் போட்டாக வேண்டும். நிறைவேறியதை அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில் பதிய வேண்டும்.

ஆகவே மெயிலில் ‘தங்கள் ஒப்புதலை வழங்குக’ என்று தலைவரைக் கேட்பதே தவறான கேள்வி. மேலே உள்ள மெயில் வாரியத்தின் ஒப்புதலைக் கேட்கிறது. தலைவரிடம் கேட்பது அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் சம்மதத்தை மட்டும். பத்திரமோ முந்தைய தீர்மானமோ தலைவருக்குத் தனி அதிகாரம் கொடுத்திருந்தால், அந்தத் தீர்மானத்தின் தேதியைக் குறிப்பிட்டு நேராகவே ஒப்புதல் கேட்கலாம்.

பதில் எப்படி வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ‘பார்த்தேன், ஓகே’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். பார்த்தது ஓகேயா, பட்ஜெட் ஓகேயா, சேமிப்பை எடுப்பதும் ஓகேயா என்று அதிலிருந்து தெரியாது. இப்படி வந்தால் இயக்குநர் தயங்காமல், “நன்றி அம்மா. இரண்டு பொருள்களையும் 21ஆம் தேதி நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சம்மதித்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி போட்டுவிட்டால் கோப்பில் வைத்துக்கொள்வேன்” என்று பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே எழுதிவிட வேண்டும். எந்தத் தலைவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆடிட்டரோ நன்கொடையாளரின் பிரதிநிதியோ இரண்டு ஆண்டு கழித்து வந்து கேட்கும்போது காட்ட வேண்டியது இந்தத் தொடரைத்தான்.

தீர்மானத்தின் வரைவை இயக்குநரே இணைத்து அனுப்புவதும் அதற்காகவே. “2026-27 நிதியாண்டுக்கு மார்ச் 9 தேதியிட்ட நான்காம் வடிவப் பட்ஜெட்டின்படி 108 லட்சம் ரூபாய் செலவுக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது, இதில் 7 லட்சம் சி.எஸ்.ஆர். ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே செலவிடப்படும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மினிட்ஸ் எழுதுகிறவர் ‘பட்ஜெட் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டார். நிபந்தனை மினிட்ஸில் இல்லையென்றால் மே மாதமே யாராவது மூன்றாவது வேனுக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். பட்ஜெட்டில் இருக்கிறது, வாரியமும் ஏற்றுக்கொண்டது என்று அவர்கள் சொல்வதும் நியாயமாகவே இருக்கும்.

மினிட்ஸில் தலைவர் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் மாதச் சம்பளப் பட்டியலைப் போடப்போகிறவர் அவர்தான்.